வங்கி இணைந்த பிறகு உங்கள் பணம் எங்கே போய்ச் சேரும்?

2019 ஏப்ரல் 1 அன்று விஜயா வங்கியும் தேனா வங்கியும் பாங்க் ஆஃப் பரோடாவுடன் இணைந்தன. அன்று காலை விஜயா வங்கிக் கிளைக்குப் போன வாடிக்கையாளருக்கு எதுவும் மாறியதாகத் தெரிந்திருக்காது. அதே கவுன்டர், அதே பாஸ்புக், அதே கணக்கு எண். பதிவுகளை எல்லாம் பரோடாவின் கணினிக்கு மாற்றும் வேலை 2020-ல்தான் நடந்தது. அப்போதுதான் விஜயாவின் 15 இலக்கக் கணக்கு எண் போய், பரோடாவின் 14 இலக்க எண் வந்தது. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோடு அதன் பிறகும் சில காலம் ஓடியது. 2021 பிப்ரவரி 28-உடன் அதுவும் செல்லாமல் போனது.

ஆக, ஓர் இணைப்பில் ஒன்றல்ல, மூன்று தேதிகள் இருக்கின்றன: சட்டப்படி வங்கிகள் ஒன்றாகும் நாள், கணக்குகள் புதிய கணினிக்குப் போகும் நாள், பழைய கோடும் செக் புக்கும் செல்லாமல் போகும் நாள். செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வருவது முதல் தேதி மட்டும்தான். உங்களுக்கு முக்கியம் மூன்றாவது தேதி. சிண்டிகேட் வங்கி கனராவுடன் இணைந்தது 2020 ஏப்ரல் 1. அதன் கோடுகள் 2021 ஜூன் 30 வரை ஓடின. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். இந்தியாவுடன் இணைக்கப்பட்டது, பழைய கோடுகளுக்கு 2022 பிப்ரவரி வரை ஆயுள் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஓராண்டுக்கும் மேலான இடைவெளி.

இந்த இடைக்காலம் வாடிக்கையாளரின் வசதிக்காகக் கொடுக்கப்படுவது. நடைமுறையில் அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. பழைய எண்ணுக்கு வரும் பணத்தை வங்கி தன் பக்கத்தில் சத்தமில்லாமல் புதிய கணக்குக்குத் திருப்பிவிடும். சம்பளம் வருகிறது, வாடகை வருகிறது, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். திருப்பிவிடுவது நின்ற பிறகுதான், நாம் எங்கெல்லாம் பழைய எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பது ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

வங்கிக்கு உள்ளே, வங்கிக்கு வெளியே

வங்கிக்கு உள்ளே இருப்பவற்றை வங்கியே கொண்டுபோய்விடும். இருப்புத் தொகை, வைப்புகள், கடன், லாக்கர், நாமினி பதிவு எல்லாம் அதில் சேரும். இணைப்புக்கு முன் போட்ட டெபாசிட்டுக்கு ஒப்புக்கொண்ட வட்டி முதிர்வு வரை அப்படியே தொடரும். புதுப்பிக்கும்போதுதான் புதிய வங்கியின் வட்டி. இந்தப் பக்கத்தில் நீங்கள் செய்ய வேண்டியது சரிபார்ப்பது மட்டும். புதிய பாஸ்புக்கை அச்சிட்டு வாங்கி, பெயரின் எழுத்து, கூட்டுக் கணக்காக இருந்தால் இரண்டாம் நபரின் பெயர், யார் கையெழுத்திட்டால் பணம் எடுக்கலாம் என்ற விதி, நாமினி பதிவு ஆகிய நான்கையும் பாருங்கள். கணினி மாற்றத்தில் ஏதாவது உதிர்ந்திருந்தால் இந்த நான்கில்தான் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும்.

வங்கிக்கு வெளியே, மற்றவர்களின் பதிவேடுகளில் உங்கள் கணக்கு எண் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. வருமான வரித் துறை, வருங்கால வைப்பு நிதி, எல்.ஐ.சி., பங்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், மியூச்சுவல் ஃபண்ட், கருவூலம், வாடகைக்குக் குடியிருப்பவர், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகன் என்று அந்த வரிசை நீளும். இவர்களுக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சொல்லும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் நினைவுக்கு வருவது சம்பளமும் வாடகையும். அவை மாதாமாதம் வருபவை. ஒரு மாதம் தவறினால் மறுநாளே தெரிந்துவிடும், மாற்றிவிடலாம். வருடத்துக்கு ஒரு முறை வரும் டிவிடெண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும் மணிபேக் பாலிசித் தொகையும் அப்படியல்ல. வராவிட்டாலும் நமக்கு நினைவிருக்காது. ஆகவே எது அபூர்வமாக வருமோ அதை முதலில் மாற்றுங்கள். எது அடிக்கடி வருமோ அது கடைசியில் இருக்கட்டும்.

கோடு எப்படி மாறுகிறது

ஐ.எஃப்.எஸ்.சி. பதினொரு எழுத்துகள் கொண்டது. முதல் நான்கும் வங்கியின் பெயர், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளை. வங்கியே மறைந்துவிட்டால் முதல் நான்கு எழுத்துகள் மாறியே ஆக வேண்டும். மீதி எப்படி மாறும் என்பது சேர்த்துக்கொள்ளும் வங்கியின் விருப்பம். கனரா எளிய வழியைப் பிடித்தது: சிண்டிகேட் கிளை எண்ணோடு 10000 கூட்டிக்கொண்டது. இப்படி:

```
SYNB0001234  ->  CNRB0011234
```

யூனியன் வங்கியில் பழைய ஆந்திரா வங்கிக் கிளைகள் `UBIN08` என்றும், கார்ப்பரேஷன் வங்கிக் கிளைகள் `UBIN09` என்றும் தொடங்கும். பரோடாவில் விஜயா கிளைகளுக்கு `BARB0VJ`, தேனா கிளைகளுக்கு `BARB0DB`. அதன் பிறகு ஊரைக் குறிக்கும் நான்கு எழுத்துகள். பரோடாவின் கோடுகளில் பெரும்பாலும் எழுத்துகளே இருப்பதால், நடுவில் உள்ள பூஜ்யத்தை `O` என்ற எழுத்தாகத் தட்டச்சு செய்துவிடுவது சகஜம். படிவத்தில் கையால் எழுதும்போது பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

இப்படி ஒரு முறை தெரிந்தாலும், நீங்களே கூட்டிக் கழித்து ஊகிக்க வேண்டாம். புதிய பாஸ்புக்கின் முதல் பக்கத்திலும் புதிய செக் தாளிலும் அச்சிட்டிருப்பதே சரியானது. இதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வங்கிகள் இணைந்தால் ஒரே தெருவில் இரண்டு கிளைகள் மிஞ்சும்; ஓரிரு வருடத்தில் அதில் ஒன்றை மூடி மற்றதோடு சேர்ப்பார்கள். அப்போது கோடு இரண்டாவது முறை மாறும். முதல் மாற்றத்தைக் கவனமாகச் செய்து முடித்தவர்களும் இந்த இரண்டாவது மாற்றத்தில் கோட்டைவிடுவது உண்டு.

எம்.ஐ.சி.ஆர். என்பது காசோலையின் அடியில் காந்த மையில் அச்சிடப்படும் ஒன்பது இலக்க எண். முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. மதுரைக்கு 625, விஜயா வங்கிக்கு 029, பரோடாவுக்கு 012. ஆகவே 625029 என்று தொடங்கிய எண் 625012 என்று தொடங்கும். சில படிவங்கள் ஐ.எஃப்.எஸ்.சி.யோடு இதையும் கேட்கும். ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் எழுதிக் கொடுத்தால் மனு திரும்பி வரும்.

கணக்கு எண் எல்லா இணைப்பிலும் மாறுவதில்லை. கோடு மட்டும் மாறி, எண் அப்படியே இருப்பதும் உண்டு. விஜயா, தேனா வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் மாறின. சிரமமும் அவர்களுக்குத்தான் அதிகம். அதனால் அந்தக் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஓர் ஆசிரியையின் கணக்கு

மதுரையில் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஜயா வங்கியில் ஒரே ஒரு சேமிப்புக் கணக்கு. ஓய்வூதியம் அதில்தான் வருகிறது. கணவர் வாங்கிவைத்த பங்குகளின் டிவிடெண்ட், ஒரு மணிபேக் பாலிசி, ஒரு மியூச்சுவல் ஃபண்ட், வருடாவருடம் வரி ரீஃபண்ட், ஒரு சீட்டு நிறுவனத்திடம் கொடுத்து வைத்த காசோலைகள். இவ்வளவுதான் அவருடைய வரவு செலவு.

முதல் வேலை, கிளைக்குப் போய் ஒரு கடிதம் வாங்குவது. பழைய கணக்கு எண் இது, பழைய கோடு இது, இணைப்பின் காரணமாக இவை இன்ன எண்ணாகவும் இன்ன கோடாகவும் மாறின, கணக்குதாரர் இன்னார் என்று வங்கியின் தாளில், அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையுமாக அது இருக்க வேண்டும். பாஸ்புக்கில் இருக்கிறதே, கடிதம் எதற்கு என்று கவுன்டரில் கேட்கலாம். புதிய பாஸ்புக்கில் புதிய எண் மட்டும்தான் இருக்கும். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே கணக்குதான் என்பதை அது சொல்லாது. மியூச்சுவல் ஃபண்டில் வங்கிக் கணக்கை மாற்றும்போது, புதிய கணக்குக்கான சான்றோடு, ஏற்கெனவே பதிவிலிருக்கும் பழைய கணக்குக்கும் சான்று கேட்பார்கள். வேறு யாரோ உங்கள் பணத்தைத் தன் கணக்குக்குத் திருப்பிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பழைய வங்கியே இல்லாதபோது அந்தச் சான்றுக்கு எங்கே போவது? இந்தக் கடிதமும், பழைய பாஸ்புக்கும், பெயர் அச்சிட்ட பழைய செக் தாள் ஒன்றும் கையில் இருந்தால் வேலை முடியும். செக் புக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு தாளைக் குறுக்கே கோடிட்டு ரத்து செய்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் கிளையில் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தில் ஐந்தாறு பிரதிகள் எடுத்துக்கொண்டு, ஆசிரியை மணிபேக் பாலிசியிலிருந்து தொடங்க வேண்டும். பாலிசியைப் பராமரிக்கும் எல்.ஐ.சி. கிளையில், நெஃப்ட் மேண்டேட் படிவத்தைப் புதிய ரத்து செய்த காசோலையோடு கொடுக்க வேண்டும். இரண்டு பாலிசி இருந்தால் இரண்டின் எண்ணையும் எழுதி, இரண்டிலும் பதிவானதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

அடுத்து டீமேட் கணக்கு. பங்குகள் டீமேட்டில் இருந்தால், எந்த நிறுவனத்தின் டிவிடெண்டாக இருந்தாலும் டீமேட்டில் பதிந்துள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வரும். தரகரிடமோ வங்கியின் டீமேட் பிரிவிலோ ஒரே ஒரு மனு கொடுத்தால் எல்லா நிறுவனங்களுக்கும் மாறிவிடும். பழைய காகிதப் பங்குகளாகவே வைத்திருப்பவர்களுக்குத்தான் பாடு: ஒவ்வொரு நிறுவனத்தின் பதிவாளருக்கும் தனித்தனியே ஐ.எஸ்.ஆர்.-1 படிவம் அனுப்ப வேண்டும்.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்று சட்டமே சொல்கிறது. அறிவித்த டிவிடெண்ட் 30 நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் நிறுவனம் அதைத் தனிக் கணக்கு ஒன்றில் போட்டு வைக்கும். ஏழு ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால் அந்தப் பணம் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போகும். தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் வாங்காத பங்குகளும் கூடவே போய்விடும். திரும்பப் பெற வழி உண்டு; ஆனால் மனு, நிறுவனத்தின் சரிபார்ப்பு, காத்திருப்பு என்று அலைய வேண்டியிருக்கும். சில நூறு ரூபாய் டிவிடெண்ட்தானே என்று விட்டவர்கள் கடைசியில் பங்கையே தேடிப் போக நேர்கிறது.

மூன்றாவது, வருமான வரி. மின்-தாக்கல் தளத்தில் `My Profile` பகுதிக்குள் `My Bank Account` என்று இருக்கும். பழைய கணக்கை நீக்கிவிட்டு, புதிய எண்ணையும் கோடையும் சேர்த்துச் சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும். கணக்கின் நேராக `Validated` என்று வந்தால்தான் வேலை முடிந்தது. வங்கியில் உள்ள பெயரும் பான் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் இந்த இடத்தில் தடங்கும். இன்ஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, விரித்து எழுதியிருக்கிறதா என்பதெல்லாம் தமிழ்நாட்டில் தீராத தொல்லை. ரீஃபண்ட் ஏற்கெனவே அனுப்பப்பட்டுத் திரும்பிப் போயிருந்தால், கணக்கைச் சரிசெய்த பிறகு `Refund Reissue` என்ற இடத்தில் மறுபடி கேட்க வேண்டும். கணக்கைத் திருத்தினால் பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தால் வராது.

மியூச்சுவல் ஃபண்டுக்கு கேம்ஸ், கேஃபின்டெக் என்ற இரண்டு பதிவாளர்களில் உங்கள் ஃபண்டை யார் கவனிக்கிறார்களோ அவர்களின் அலுவலகம். கணக்கை மாற்றிய கையோடு பணம் எடுக்க மனுப் போட்டால், பாதுகாப்புக்காகச் சில நாள் நிறுத்தி வைப்பார்கள். மருத்துவமனைச் செலவுக்கு அவசரமாக எடுக்கும் நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓய்வூதியத்தைக் கடைசியில் வைத்தேன். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்குப் பணம் கருவூலத்திலிருந்து வருகிறது. கணக்கு எண் கருவூலப் பதிவில் இருக்கிறது. ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணைக் குறிப்பிட்டு, புதிய பாஸ்புக் நகலோடு அங்கே மனு கொடுக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியம் வங்கி வழியாக வழங்கப்படுவதால் பதிவை வங்கியே மாற்றிக்கொள்ளும். ஆனால் அவர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. நவம்பரில் ஜீவன் பிரமாண் வழியாக உயிர்வாழ் சான்று கொடுக்கும்போது, ஓய்வூதியம் வழங்கும் வங்கியின் பெயரும் கணக்கு எண்ணும் கேட்கும். போன வருடச் சான்றைப் பார்த்துப் பழைய எண்ணையே அடித்தால், சான்று எடுத்தாகிவிடும். வங்கியில் போய்ப் பொருந்தாது. சான்று தயாரானதாக வரும் குறுஞ்செய்தியோடு நிறுத்தாமல், வங்கி ஏற்றுக்கொண்டதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த ஆசிரியைக்கு இல்லாத ஒன்று, பலருக்கு இருப்பது, வருங்கால வைப்பு நிதி. யு.ஏ.என். தளத்தில் `Manage` பகுதியில் `KYC` என்ற இடத்தில் வங்கி விவரத்தை மாற்றலாம். கோடு பழையதாக இருந்தால் பணம் எடுக்கும் மனு அதனாலேயே நிராகரிக்கப்படும். வேலையை விட்டு வெகுநாள் ஆனவர்கள் இதை முதல் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசோலை

பழைய செக் புக்கில் மிச்சமிருக்கும் தாள்களைப் பற்றிக் கவலை வேண்டாம். தூக்கிப் போடுவதற்கு முன் கிழித்துவிட்டால் போதும். கவலைப்பட வேண்டியது நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட தாள்களைப் பற்றி. சீட்டு நிறுவனத்திடம் ஈடாகக் கொடுத்தவை, வாகனக் கடனுக்குக் கொடுத்தவை, கடை வாடகைக்கு மாதத் தேதி போட்டு மொத்தமாகக் கொடுத்தவை. இவற்றில் எண்ணும் எம்.ஐ.சி.ஆரும் பழையவை.

காசோலையின் ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் என்பது பொது விதி. இணைப்பின்போது வங்கி அறிவிக்கும் கடைசித் தேதி அந்த விதியையும் மீறும். ஓரியன்டல், யுனைடெட், அலகாபாத் வங்கிகளின் காசோலைகள் 2021 அக்டோபர் 1 முதல் செல்லவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 20 என்று தேதியிட்ட ஒரு காசோலை, மூன்று மாதக் கணக்குப்படி டிசம்பர் வரை உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் அக்டோபரில் வங்கிக்குப் போனால் திரும்பித்தான் வரும். பணம் கணக்கில் இருந்தும் திரும்பும்.

காசோலையைக் கொடுத்தவரை விட, வாங்கி வைத்திருப்பவருக்கு இதில் ஆபத்து அதிகம். பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்குப் போடலாம் என்ற தைரியத்தில்தான் பலர் காசோலையை ஈடாக வாங்குகிறார்கள். அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடன் இணைந்த பிறகு, பழைய அலகாபாத் வங்கிக் காசோலை ஒன்று 2023-ல் வசூலுக்குப் போய்த் திரும்பியது. வழக்கு வந்தபோது, செல்லாத காசோலை திரும்பியதற்கு 138-ஆம் பிரிவு பொருந்தாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லிவிட்டது. கடனை வசூலிக்க சிவில் வழக்கு இருக்கிறது. ஆனால் காசோலை கொடுத்த பிடி போய்விடுகிறது. உங்களிடம் யாராவது கொடுத்து வைத்த காசோலை இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். மறைந்துபோன வங்கியின் பெயர் இருந்தால் புதியது கேட்டு வாங்குங்கள். கொடுத்தவராக இருந்தால், புதியதைக் கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒருவரிடமே இருக்க விடாதீர்கள்.

தானாகப் பிடிக்கப்படும் பணம்

கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம், எஸ்.ஐ.பி. போன்றவற்றுக்குக் கையெழுத்திட்ட மேண்டேட்டுகளை வங்கிகள் பெரும்பாலும் தாமே புதிய கணக்குக்கு மாற்றிவிடும். பெரும்பாலும் என்ற சொல்லைக் கவனியுங்கள். கணக்குகள் புதிய கணினிக்கு மாறிய பிறகு வரும் முதல் தவணைத் தேதியன்று பாஸ்புக்கைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். பிடிக்கப்படாவிட்டால் அன்றே கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டிவிட்டு, புதிய மேண்டேட் எழுதிக் கொடுங்கள். தவணை தவறியதற்கான அபராதத்தை இரண்டு பக்கமும் போடுவார்கள். சிபில் பதிவிலும் கறை விழும்.

சமையல் எரிவாயு மானியம் போல ஆதார் வழியாக வரும் பணத்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே உங்கள் ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதுதான் பதிவாகிறது; கணக்கு எண் வங்கியிடம் இருக்கிறது. ஆதார் தளத்தில் `Bank Seeding Status` என்ற இடத்தில் புதிய வங்கியின் பெயர் வருகிறதா என்று பார்த்தால் போதும். யு.பி.ஐ. செயலியில் பழைய கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிவிடும்.

இன்னொரு விஷயம், பலருடைய கண்ணில் படாதது. இணைந்த இரண்டு வங்கியிலுமே உங்களுக்கு வைப்பு இருந்திருந்தால், இப்போது அது ஒரே வங்கியில் உள்ள வைப்பு. வைப்புக் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய்தான். இணையப்போகும் இரண்டு வங்கிகளில் தலா 4 லட்சம் வைத்திருப்பவருக்கு இணைப்புக்கு முன் 8 லட்சத்துக்கும் காப்பு இருக்கும். இணைந்த பிறகு 5 லட்சத்துக்குத்தான். வட்டிக்கு வரிப் பிடித்தமும் அப்படியே: இரண்டு இடத்து வட்டியும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், தனித்தனியே வரம்புக்குள் இருந்தது இப்போது தாண்டிவிடலாம். இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருந்தால் ஒன்றாக்கச் சொல்லி, 15ஜி அல்லது 15ஹெச் படிவம் கொடுக்கத் தகுதியுள்ளவர்கள் அந்த ஒரே எண்ணில் கொடுக்க வேண்டும்.

பணம் வரவில்லை என்றால்

அனுப்பியவர் அனுப்பிவிட்டேன் என்கிறார், கணக்கில் இல்லை. முதலில் அவரிடம் யு.டி.ஆர். எண்ணைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் பணம் கிளம்பவே இல்லை: காலாவதியான கோடு பட்டியலில் இல்லாததால் அவருடைய வங்கியே ஏற்றிருக்காது. எண் இருந்தால் பணம் கிளம்பியிருக்கிறது. நெஃப்ட்டில் பெறும் வங்கியால் வரவு வைக்க முடியாவிட்டால், அந்தத் தொகுதி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதாவது பணம் அநேகமாக அனுப்பியவரிடமே போயிருக்கும். உங்கள் கிளையில் வாக்குவாதம் செய்வதற்கு முன் அவருடைய கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால்தான் புகார். எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு ரெப்போ விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி கேட்கும் உரிமை உண்டு. கேட்காவிட்டால் தரமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்துச் சொல்லும் வங்கிக் கடிதத்தை அந்த மனுவோடு இணையுங்கள்.

இணைப்பு அறிவிப்பு வந்த வாரத்திலிருந்து தொலைபேசியில் வேறு சிலரும் கூப்பிடத் தொடங்குவார்கள். கணக்கைப் புதிய வங்கிக்கு மாற்ற ஓ.டி.பி. சொல்லுங்கள் என்பார்கள். கணக்குகளை மாற்றுவதற்கு வங்கிக்கு உங்கள் ஓ.டி.பி. தேவையே இல்லை. லட்சக்கணக்கான கணக்குகள் மொத்தமாக, உங்களைக் கேட்காமலே மாறுகின்றன. அப்படிக் கேட்பவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிட்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள்.